8% காலாண்டுக் கூட்டு வட்டியா, 8.2% ஆண்டுக் கூட்டு வட்டியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு சேமிப்புத் திட்டங்கள் உங்கள் முன்னால் இருக்கின்றன. முதல் திட்டத்தில் ஆண்டு வட்டி 8 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். இரண்டாவதில் ஆண்டு வட்டி 8.2 சதவீதம், ஆனால் ஆண்டு முடிவில் ஒரே ஒருமுறைதான் வட்டி சேரும். எதில் பணம் போடலாம்?

பார்த்தவுடன் 8.2 தான் பெரிதாகத் தெரியும். ஆனால் முழுதாக ஓராண்டு பணத்தைத் தொடாமல் விட்டால் 8 சதவீதத் திட்டம்தான் கூடத் தரும். அதே பணத்தை ஒன்பதாவது மாதத்தில் எடுக்க நேர்ந்தால், 8.2 சதவீதத் திட்டம் முந்தியிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாகும் என்பது புரிந்துவிட்டால், எந்த டெபாசிட் விளம்பரத்தையும் நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு அசல் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, கணக்கு ஒன்றுதான்.

முதல் படி: ஆண்டு விகிதத்தைத் தவணை விகிதமாக்குங்கள்

"ஆண்டுக்கு 8%, காலாண்டுக் கூட்டு வட்டி" என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு காலாண்டுக்கும் 8 சதவீதம் கிடைக்கும் என்று பொருளில்லை. புதிதாக வருபவர்கள் சிலர் இப்படி நினைத்து மகிழ்ந்துவிடுகிறார்கள். 8 என்பது ஆண்டுக்கான எண். அதை நான்காகப் பிரித்தால் ஒரு காலாண்டுக்கு 2 சதவீதம். வங்கி உண்மையில் உங்கள் பணத்தின் மேல் போடும் வட்டி இந்த 2 சதவீதம்தான், ஆண்டில் நான்கு தடவை. அறிவிக்கப்படும் 8 என்ற எண், 2-ஐ நான்கால் பெருக்கிச் சொல்லும் ஒரு பெயர் மட்டுமே. அதனால்தான் இதைப் பெயரளவு விகிதம் என்பார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை சேரும் திட்டத்தில் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. 8.2 என்றால் 8.2 தான்.

இரண்டாவது படி: ஒருமுறையாவது பாஸ்புக் மாதிரி எழுதிப் பாருங்கள்

சூத்திரம் பின்னால் வருகிறது. அதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு வரிகள் எழுதிப் பார்ப்பது நல்லது. ஒருமுறை கையால் எழுதியவர்களுக்கு இந்த விஷயம் மறப்பதில்லை.

முதல் காலாண்டு முடிவில் 1,00,000-க்கு 2 சதவீதம், அதாவது 2,000 சேர்கிறது. இருப்பு 1,02,000.

இரண்டாவது காலாண்டில் 2 சதவீதம் போடப்படுவது 1,02,000-க்கு. வட்டி 2,040. இருப்பு 1,04,040.

மூன்றாவதில் வட்டி 2,080.80. இருப்பு 1,06,120.80.

நான்காவதில் வட்டி 2,122.42. ஆண்டு முடிவில் இருப்பு 1,08,243.22.

ஆக மொத்த வட்டி 8,243.22. இதே 8 சதவீதம் ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் 8,000 மட்டும் கிடைத்திருக்கும். கூடுதலாக வந்த 243.22 எங்கிருந்து வந்தது?

முதல் காலாண்டில் சேர்ந்த 2,000 மீதி மூன்று காலாண்டும் கணக்கிலேயே இருந்தது. அதற்குத் தவணைக்கு 40 வீதம் 120 வந்தது. இரண்டாவது காலாண்டில் அசலுக்கு வந்த 2,000 இன்னும் இரண்டு காலாண்டு இருந்து 80 சம்பாதித்தது. மூன்றாவது 2,000-க்கு ஒரு காலாண்டுதான் பாக்கி, அதனால் 40. மூன்றையும் கூட்டினால் 240. மீதமுள்ள 3.22, அந்த வட்டியின் வட்டிக்கும் கிடைத்த வட்டி. கடைசிக் காலாண்டில் வந்த 2,000-க்கு எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது சேர்ந்த அன்றே ஆண்டு முடிந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூடுதல் பணம் முழுவதும் வட்டியைக் கணக்கிலேயே விட்டுவைத்ததால் வந்தது. நடுவில் அந்த 2,000-ஐ எடுத்துவிட்டால் 240-உம் இல்லை, 3.22-உம் இல்லை. இதைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கப் போகிறோம்.

மூன்றாவது படி: ஒரே எண்ணாக்குங்கள்

1,00,000 ஓராண்டில் 1,08,243.22 ஆனது. அதாவது பணம் உண்மையில் 8.243 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இந்த எண்தான் பயனுறு ஆண்டு வட்டி விகிதம். ஆண்டுக்கு ஒரே ஒருமுறை வட்டி சேரும் திட்டம் ஒன்று இதே தொகையைத் தர வேண்டுமானால் அது எத்தனை சதவீதம் அறிவிக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை அது. அமெரிக்காவில் சேமிப்புக் கணக்கு விளம்பரங்களில் APY என்று போட்டிருப்பதும், பிரிட்டனில் AER என்று போட்டிருப்பதும் இதைத்தான். உங்கள் வங்கியின் பக்கத்தில் அப்படி ஒரு எண் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம்.

```
(1 + r/n)^n - 1
```

இதில் r என்பது ஆண்டு விகிதம், தசமமாக: 8 சதவீதம் என்றால் 0.08. n என்பது ஆண்டில் எத்தனை முறை வட்டி சேர்கிறது என்பது: காலாண்டுக்கு 4, மாதத்துக்கு 12, அரையாண்டுக்கு 2, ஆண்டுக்கு 1.

அடுக்கு போடும் பொத்தான் இல்லாத சாதாரண கால்குலேட்டர் என்றாலும் காலாண்டுக் கணக்குக்குப் பிரச்சினை இல்லை. நான்கு முறை பெருக்குவது என்பது வர்க்கத்தின் வர்க்கம். 1.02-ஐ அதனாலேயே பெருக்கினால் 1.0404. அதை மறுபடி அதனாலேயே பெருக்கினால் 1.08243216. ஒன்றைக் கழித்து நூறால் பெருக்குங்கள்: 8.243 சதவீதம். இரண்டே பெருக்கல்.

எக்செல் போன்ற விரிதாள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். இதற்கென்றே ஒரு செயல்பாடு இருக்கிறது:

```
=EFFECT(0.08, 4)
```

விடை 0.08243216 என்று வரும். பலர் தடுக்குவது இந்த இடத்தில்தான்: 0.08-க்குப் பதில் 8 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது விரிதாள் அதை 800 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு 80 என்ற விடையைத் தரும், அதாவது 8,000 சதவீதம். கலத்தைச் சதவீத வடிவத்தில் வைத்திருந்தால் அபத்தம் உடனே தெரிந்துவிடும். சாதாரண எண்ணாக வைத்திருந்தால் "80" என்பதைப் பார்த்துவிட்டு 8.0 போல என்று தாண்டிப் போய்விட வாய்ப்பு உண்டு. எதற்கும் `8%` என்றே தட்டச்சு செய்யுங்கள், விரிதாள் சரியாகப் புரிந்துகொள்ளும்.

கையில் எதுவும் இல்லாதபோது

வங்கிக் கவுன்ட்டரில் நிற்கும்போது மனக்கணக்காகச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. வட்டி விகிதத்தை வர்க்கப்படுத்தி, அதில் எட்டில் மூன்று பங்கு எடுங்கள். கிடைப்பது, ஆண்டுக் கூட்டுக்குப் பதில் காலாண்டுக் கூட்டாக இருப்பதால் வரும் கூடுதல், சதவீதத்தின் நூறில் ஒரு பங்குகளில்.

8-இன் வர்க்கம் 64. அதில் எட்டில் மூன்று 24. ஆக 0.24 சதவீதம் கூடுதல். சரியான விடை 0.243. போதுமல்லவா? 6 சதவீதத்துக்கு 36-இல் எட்டில் மூன்று 13.5, அதாவது 0.135, சரியான விடை 0.136. 4 சதவீதத்துக்கு 16-இல் எட்டில் மூன்று 6, அதாவது 0.06 சதவீதம். 12 சதவீதத்துக்கு 54 வரும். அங்கே உண்மையான கூடுதல் 0.551, கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் முடிவெடுக்கப் போதும்.

இந்தக் குறுக்குவழி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. விகிதம் பாதியானால் கூடுதல் கால்வாசியாகிவிடுகிறது. 8 சதவீதத்தில் 0.24 என்றிருந்தது 4 சதவீதத்தில் வெறும் 0.06. ஆகவே 3, 4 சதவீதம் தரும் சாதாரண சேமிப்புக் கணக்கில் காலாண்டா ஆண்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பொருளில்லை. அங்கே விகிதத்தில் கால் சதவீதம் கூடக் கிடைக்குமா என்று தேடுவதுதான் பயன் தரும். 8, 10 சதவீதம் என்று போகும்போதுதான் எத்தனை முறை சேர்கிறது என்ற கேள்வி முடிவையே மாற்றுகிறது.

அப்படியென்றால் மாதாமாதம் சேர்ந்தால்? தினமும் சேர்ந்தால்? 8 சதவீதத்தில் மாதக் கூட்டு 8.300 தரும், தினக் கூட்டு 8.328. ஆண்டிலிருந்து காலாண்டுக்குப் போனதில் 0.243 கிடைத்தது. காலாண்டிலிருந்து தினத்துக்குப் போனால் இன்னும் 0.085 மட்டும்தான். நொடிக்கு நொடி சேர்த்தாலும் 8.329-ஐத் தாண்டாது. வட்டியை இப்படிச் சின்னச் சின்னத் தவணையாக உடைத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று 1683-இல் யாக்கோப் பெர்னூலி கேட்ட கேள்வியிலிருந்துதான் கணிதத்தில் e என்று அழைக்கப்படும் 2.718... என்ற எண் தலைகாட்டியது. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: "தினமும் கூட்டு வட்டி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அசந்துபோக வேண்டாம்.

நான்காவது படி: இப்போது ஒப்பிடுங்கள்

முதல் திட்டம்: 8%, காலாண்டு. பயனுறு விகிதம் 8.243. இரண்டாவது திட்டம்: 8.2%, ஆண்டு. பயனுறு விகிதம் 8.2. ஓராண்டில் 1,00,000-க்கு முதலாவது 8,243.22 தருகிறது, இரண்டாவது 8,200. வித்தியாசம் 43 சொச்சம்.

மூன்றாவதாக ஒரு திட்டம் 8.25 சதவீதம், ஆண்டுக் கூட்டு என்று வந்தால்? அது 8,250 தரும். மயிரிழையில் முந்துகிறது, 6.78 வித்தியாசத்தில். எதிர்த்திசையில் கேட்பதும் உதவும்: 8.25 ஆண்டுக் கூட்டுக்குச் சமமாக ஒரு காலாண்டுத் திட்டம் எவ்வளவு அறிவிக்க வேண்டும்?

```
=NOMINAL(0.0825, 4)
```

விடை 0.08006, அதாவது 8.006 சதவீதம். காலாண்டுத் திட்டம் 8.01 அறிவித்திருந்தாலே போதும், 8.25-ஐ வென்றிருக்கும்.

எண் சரி, ஆனால் வட்டி உண்மையில் சேர்கிறதா?

இதுவரை செய்தது கணக்கு. இனி வருவது படிவத்தைப் படிக்கும் வேலை. என் அனுபவத்தில் மக்கள் பணத்தை இழப்பது கணக்கில் இல்லை, இங்கேதான்.

"காலாண்டு வட்டி" என்ற சொல் இரண்டு விதமான திட்டங்களுக்கும் பயன்படுகிறது. ஒன்றில் வட்டி அசலோடு சேர்ந்து வளர்கிறது. இன்னொன்றில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி உங்கள் வேறொரு கணக்குக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது வகையில் டெபாசிட்டின் இருப்பு எப்போதும் 1,00,000 தான். நான்கு முறை 2,000 வரும், மொத்தம் 8,000. கூட்டு வட்டியே இல்லை. செலவுக்குப் பணம் தேவைப்படுபவர்களுக்கு அது சரியான திட்டம்தான். ஆனால் அந்தத் திட்டத்துக்கு 8.243 என்ற எண்ணைப் பொருத்திப் பார்ப்பது தவறு. வந்த 2,000-ஐ அதே 8 சதவீதத்தில் வேறெங்காவது உடனே போட்டால்தான் அது உண்மையாகும். 3 சதவீதக் கணக்கில் தூங்கவிட்டால் ஆகாது.

விண்ணப்பத்தில் வட்டி எங்கே போக வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அவசரத்தில் யாரோ டிக் செய்துவிடும் கட்டம் அது. முதல் காலாண்டு முடிந்ததும் டெபாசிட் இருப்பைப் பாருங்கள். 1,02,000-ஐ ஒட்டி இருந்தால் சேர்கிறது. இன்னும் 1,00,000 என்றே இருந்து, சேமிப்புக் கணக்கில் 2,000 வந்திருந்தால், வெளியே போகிறது. சில வங்கிகள் முதிர்வுத் தொகையை மட்டும் காட்டி நடு இருப்பைக் காட்டுவதில்லை. அப்போது ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகையே சாட்சி. ஓராண்டுக்கு 1,08,243 என்று இருக்கிறதா, 1,00,000 என்று இருக்கிறதா?

இதோடு சேர்ந்து குழப்பும் இன்னொரு வாசகம், "தினசரி இருப்பின் மேல் வட்டி கணக்கிடப்படும்" என்பது. சேமிப்புக் கணக்குகளில் அடிக்கடி வரும். ஒவ்வொரு நாளும் கணக்கில் இருந்த தொகையை வைத்து அன்றைய வட்டியைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் குறித்துக்கொண்டது காலாண்டு முடிவில்தான் கணக்கில் வந்து சேரும். அதுவரை அந்த வட்டிக்கு வட்டி கிடையாது. எனவே இது தினக் கூட்டு இல்லை, காலாண்டுக் கூட்டு; சூத்திரத்தில் n = 4. எப்போது கணக்கிடுகிறார்கள் என்பதை விடுங்கள், எப்போது இருப்பில் ஏற்றுகிறார்கள் என்பதைக் கேளுங்கள். அப்புறம், இத்தகைய கணக்குகளில் விகிதமே நடுவில் மாறலாம். பயனுறு விகிதம் என்பது இன்றைய விகிதம் ஆண்டு முழுவதும் நீடித்தால் என்ற அடிப்படையில் போட்ட எண்.

பாஸ்புக்கில் 2,000 வரவில்லையே?

முதல் காலாண்டில் 2,000-க்குப் பதில் 1,972.60 வந்திருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் ஆண்டை நான்காகப் பிரிக்காமல் நாட்களை எண்ணுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள். 1,00,000-க்கு 8 சதவீதம், 365-இல் 90 பங்கு என்றால் 1,972.60. அடுத்த காலாண்டு 91 நாள், அதற்கடுத்த இரண்டும் 92 நாள். முதலில் குறைந்தது பின்னால் ஈடாகிவிடும். இப்படி நாள் கணக்கில் நான்கு காலாண்டும் போட்டு, ஒவ்வொரு முறையும் காசுக்கு முழுதாக்கிப் பார்த்தால் ஆண்டு முடிவில் 1,08,243.21 வருகிறது. நாம் முன்பு பார்த்த தொகைக்கும் இதற்கும் ஒரே ஒரு காசு வித்தியாசம். ஆகவே ஒரு காலாண்டை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாமல் நான்கையும் கூட்டிப் பாருங்கள். ஆண்டு மொத்தம் 8,243-க்குப் பதில் 8,000-ஐ ஒட்டி இருந்தால், அப்போது போய்க் கேட்கலாம்.

"ஆண்டுக்கு 9.72% ஆதாயம்" என்று ஒரு விளம்பரம்

ஐந்தாண்டு டெபாசிட். அறிவிக்கப்பட்ட விகிதம் அதே 8 சதவீதம், காலாண்டுக் கூட்டு. ஆனால் விளம்பரத்தில் "ஆண்டு ஆதாயம் 9.72%" என்று பெரிதாக இருக்கிறது. நாம் போட்டால் 8.243 தான் வருகிறது. யார் சொல்வது சரி?

அவர்கள் செய்தது இது. ஐந்தாண்டில் 20 காலாண்டுகள். 1.02-ஐ இருபது முறை பெருக்கினால் 1,00,000 ஆவது 1,48,594.74. வட்டி 48,594.74. அதை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 9,718.95, அதாவது 9.72 சதவீதம். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் கூட்டு வட்டியாக வளர்ந்த தொகையைத் தனி வட்டி போல ஆண்டுகளால் வகுத்தது பொருந்தாத செயல். ஐந்தாவது ஆண்டில் வட்டி ஈட்டுவது 1,00,000 மட்டும் இல்லை, 1,37,000-க்கும் மேல். அந்தப் பெரிய வட்டியை எடுத்து முதல் ஆண்டின் சிறிய அசலோடு ஒப்பிடுகிறார்கள்.

இந்தக் கணக்கின் பொய்யைக் காட்ட ஒரு வழி, ஆண்டுகளை நீட்டிப் பார்ப்பது. அதே 8 சதவீதத்தைப் பத்தாண்டுக்குப் போட்டால் 1,00,000 ஆவது 2,20,803.97. வட்டியைப் பத்தால் வகுத்தால் "ஆண்டு ஆதாயம்" 12.08 சதவீதமாகிவிடும். வங்கி வட்டியைக் கூட்டவே இல்லை, காலம்தான் நீண்டது. காலம் நீள நீளத் தானே ஏறும் எண் விகிதமாக இருக்க முடியாது. பயனுறு விகிதமோ ஓராண்டானாலும் பத்தாண்டானாலும் 8.243 என்றே நிற்கும்.

இன்னொரு வழி நேரடிச் சோதனை. உண்மையிலேயே பணம் ஆண்டுக்கு 9.72 சதவீதம் வளர்ந்தால் ஐந்தாண்டில் எவ்வளவு ஆகும்? 1.0972-ஐ ஐந்து முறை பெருக்கினால் 1,59,000-ஐத் தாண்டுகிறது. அவர்கள் தரப்போவது 1,48,595. பத்தாயிரத்துக்கு மேல் இடிக்கிறது.

முதிர்வுத் தொகை மட்டும் தெரிந்தால் பயனுறு விகிதத்தை இப்படி மீட்டெடுக்கலாம்:

```
=(148594.74/100000)^(1/5)-1
```

விடை 0.0824, நம் பழைய 8.24. எந்தச் சொல்லைப் போட்டு விளம்பரம் செய்தாலும், போடும் தொகை, திரும்ப வரும் தொகை, ஆண்டுகள் ஆகிய மூன்றையும் வாங்கிவிட்டால் போதும். நான் விளம்பரத்தின் சதவீதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு நேராக முதிர்வுத் தொகையைக் கேட்பது இதனால்தான். சதவீதத்துக்குப் பல விளக்கம் சொல்லலாம், முதிர்வுத் தொகைக்கு முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தச் சூத்திரம் ஒரே தடவையில் மொத்தமாகப் போடும் பணத்துக்குத்தான். மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக்கு இதைப் போட்டால் தவறான விடை வரும், ஏனென்றால் கடைசித் தவணைப் பணம் கணக்கில் ஒரு மாதம்தான் இருந்திருக்கும்.

ஐந்தாவது படி: நடுவில் எடுக்க வேண்டியிருந்தால்

முழு ஆண்டு என்ற நிபந்தனையோடுதான் இதுவரை பேசினோம். இப்போது முதல் இரண்டு திட்டங்களுக்கே திரும்புவோம்: 8% காலாண்டு, 8.2% ஆண்டு. ஆறாவது மாதத்தில் காலாண்டுத் திட்டத்தில் 4,040 சேர்ந்திருக்கும். ஆண்டுத் திட்டம் இருந்த நாட்களுக்கு விகிதாசாரமாக வட்டி தரும் என்றால் 4,100. ஒன்பதாவது மாதத்தில் ஒன்றில் 6,120.80, மற்றொன்றில் 6,150. இன்னமும் 8.2 தான் முன்னால். காலாண்டுத் திட்டம் அதை முந்துவது கடைசிக் காலாண்டில்தான். காரணம் முன்பே பார்த்ததுதான்: வட்டிக்கு வட்டி சேரச் சேரத்தான் கூடுகிறது, தொடக்கத்தில் ஒன்றுமே இல்லை. முதல் காலாண்டில் கூட்டு வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை, வெறும் தனி வட்டிதான்.

ஆனால் ஆண்டுத் திட்டத்தின் விதிமுறை "முழுமையடையாத ஆண்டுக்கு வட்டி இல்லை" என்று இருந்தால் அந்த 6,150 அப்படியே பூஜ்யமாகிவிடும். காலாண்டுத் திட்டத்தில் அதே விதி இருந்தால் அதிகபட்சம் ஒரு காலாண்டு வட்டிதான் போகும். முன்கூட்டியே மூடினால் விகிதத்தில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ குறைப்போம் என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. அப்படியென்றால் 0.243-க்காக நாம் செய்த ஒப்பீடு முழுவதையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடும். 8 சதவீதத்தில் ஒரு சதவீதம் குறைத்து 7 ஆக்கினால் ஒன்பது மாத வட்டி 6,120.80-லிருந்து 5,342.41 ஆகிறது. காலாண்டா ஆண்டா என்ற வித்தியாசத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழப்பு.

ஆகவே 8.243-உம் 8.25-உம் போல இரண்டு எண்கள் இவ்வளவு நெருக்கமாக வரும்போது, ஆண்டுக்கு 6.78-க்காகத் தசமத்தைத் துரத்துவதில் பயனில்லை. பணம் நடுவில் தேவைப்படலாம் என்ற சந்தேகம் இருந்தால், முன்கூட்டி மூடும் விதி எதில் மென்மையாக இருக்கிறதோ அதை எடுங்கள். நிச்சயமாகத் தொடப்போவதில்லை, பத்தாண்டுக்குப் பூட்டி வைக்கப் போகிறீர்கள், இரண்டு திட்டமும் ஒரே 8 சதவீதம்தான் என்றால் காலாண்டுக் கூட்டை எடுங்கள். ஆண்டுக் கூட்டில் 2,15,892.50 ஆகும் பணம் அங்கே 2,20,803.97 ஆகும், முதல் ஆண்டில் 243 ஆக இருந்த வித்தியாசம் பத்தாவது ஆண்டில் 4,911 ஆகியிருக்கும்.